கையில் போட்டது யார்

இடுப்பு தனியாகக் கழன்று வீட்டுக்கு நடந்து போய்விடும் போலிருந்தது மீட்டருக்கு. காலையிலிருந்து பாய்லர் பேனலுக்குப் பின்னால், ஒரு ஆள் குந்தவே இடம் பத்தாத சந்தில், மடங்கிக் கிடந்து ஒயர் ஒயராக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா ஒயரும் இறுக்கமாகத்தான் இருந்தன. அது அவருக்கு முன்னமே தெரியும். தெரிந்த ஒன்றை நாலு பேர் பார்க்கும்படி மறுபடி பார்ப்பதற்கு அந்தக் காகித ஆலையில் விசாரணை என்று பெயர்.

மீட்டர் என்பது தொழிலாளிகள் வைத்த பெயர். ஆலையின் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பான என்ஜினியர் அவர். மனிதரைப் பார்த்தாலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். பெரும்பாலும் அது பூஜ்யத்தில் நிற்பதாகத்தான் அவருக்குத் தெரியும்.

முதல்நாள் மதியம் பாய்லர் நின்றுபோனது. தண்ணீர் தள்ளும் பம்பின் சல்லடையில் துருவும் செதிலும் அடைத்துக்கொண்டன. பம்ப் மூச்சு வாங்கியது. பாய்லருக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கியது. அடிமட்டத்தைத் தொட்டதும் 'கடைசிக் காவல்' என்கிற தானியங்கி சுவிட்ச் வேலை செய்து நெருப்பை அணைத்துவிட்டது. அது அணைத்ததால்தான் பாய்லர் வீட்டுக்கு இன்னும் கூரை இருக்கிறது. ஆனால் நீராவி போய்விட்டது. காகித மெஷினில் ஈரத்தாள் உருளைகளைச் சுற்றி அப்பிக்கொண்டது. அதைக் கத்தியால் சுரண்டி எடுப்பதற்குள் ஒரு ஷிப்ட் போய்விட்டது. சுரண்டினவர்கள் சுரண்டிக்கொண்டே பாய்லர்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள்.

இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் மீட்டர் ஒரு ஏற்பாட்டைப் பேனலில் வைத்திருந்தார். பாய்லரிலிருந்து நீராவி வெளியே போகும் குழாயில் ஒரே ஒரு வால்வு. அதற்கு உத்தரவு போடக் காத்திருப்பவை இரண்டு கன்ட்ரோலர்கள், சமீபத்தில் பழசைக் கழற்றிவிட்டுப் புதுசாகப் பொருத்தியவை. ஒன்று, காகித மெஷினுக்குப் போகும் நீராவியின் அழுத்தத்தைப் பார்க்கும். அழுத்தம் குறைந்தால் வால்வைத் திற என்னும். மற்றது பாய்லருக்குள் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும். மட்டம் வரம்புக்குக் கீழே போனால் வால்வை மூடு, இருக்கிற தண்ணீரை ஆவியாக்கி அனுப்பாதே என்னும். நடுவில் செலக்டர் என்று ஒன்று. இரண்டு உத்தரவில் எது குறைவாகத் திறக்கச் சொல்கிறதோ, அதை மட்டும் அது வால்வுக்கு அனுப்பும். நல்ல நாளெல்லாம் அழுத்தத்தின் ராஜ்ஜியம். தண்ணீர் குறைந்தால் மட்டத்தின் ராஜ்ஜியம். காகித மெஷின் கொஞ்சம் வாடும், ஆனால் பாய்லர் நிற்காது. தண்ணீர் திரும்ப ஏறியதும் அழுத்தம் தானே பொறுப்பை வாங்கிக்கொள்ளும்.

இதைக் கெடுக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, அது ஆலையில் எல்லாருக்கும் தெரியும். செலக்டருக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு கைப்பெட்டி இருந்தது. அதில் மேனுவலைப் போட்டால் செலக்டர் என்ன கத்தினாலும் வால்வின் காதில் விழாது. திறந்து வைத்தது திறந்தபடியே நிற்கும். காகிதப் பக்கத்திலிருந்து 'ஸ்டீம் எங்கடா' என்று போனில் சத்தம் வந்தால், பாய்லர்காரர்கள் இதைத்தான் செய்வார்கள். 'கையில் போடுவது' என்று அதற்குப் பெயர். மீட்டர் அதற்காக எத்தனையோ முறை பாய்லர் வீட்டில் நின்று கத்தியிருக்கிறார்.

"இனிமே எவனாவது அந்தப் பெட்டியில கைய வெச்சா, கைய ஒடைச்சு அடுப்புல போட்டுடுவேன்," என்றார் ஒருமுறை. அதை அவர் சொன்னது குறிப்பாகத் தன் மச்சினனைப் பார்த்து.

மச்சினன் அதே பாய்லரில் பகல் ஷிப்டு ஆபரேட்டர். மீட்டரின் மனைவிக்குத் தம்பி. பாய்லர் ஓட்டும் சான்றிதழைத் தட்டுத்தடுமாறி வாங்கியவன். மீட்டர்தான் அவனை உள்ளே கொண்டுவந்தார் என்று ஊரே சொன்னது. மீட்டரும் அதை மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்ததைத்தான் அவனுக்குச் செய்த உபகாரமாக நினைத்திருந்தார்.

நின்றுபோன பாய்லரைப் பார்க்க எல்லாரும் ஓடிவந்தபோது கைப்பெட்டியில் மேனுவல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. மிச்சமெல்லாம் சடங்கு.

சடங்கு அன்று சாயங்காலமே பெரிய மேனேஜரின் அறையில் நடந்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய மேனேஜர் பாய்லர் வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை வருவார், வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. காகிதப் பக்கத்து மேனேஜர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாளின் கனத்தைத் தவிர உலகத்தில் வேறெந்தக் கனமும் தெரியாத மனிதர். சுவர் ஓரமாக சூப்பர்வைசர்கள், ஃபிட்டர்கள் என்று ஒரு பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

"செலக்டர் வேலை செஞ்சிருந்தா பாய்லர் நின்னிருக்காது. சரிதானே?" என்றார் பெரிய மேனேஜர்.

"சரிதான் சார்," என்றார் மீட்டர்.

"அப்ப வேலை செய்யல."

"வேலை செய்ய விடல சார்."

"எனக்கு அது வேலை செஞ்சாலும் வேணாம், செய்யாட்டாலும் வேணாம்," என்று காகித மேனேஜர் குறுக்கே விழுந்தார். "வேலை செஞ்சா என் ஸ்டீமக் குறைக்குது. செய்யாட்டா மொத்தமா நிறுத்துது. இப்படி ஒரு காவக்காரன் எதுக்கு சார்? கழட்டி எறிங்க."

"கழட்டிட்டா அப்புறம் தாள் செய்ய வேண்டியதில்ல சார். பாய்லர் வெடிச்சு எல்லாத்தையும் ஒரேடியாத் தூளாக்கிடும்," என்றார் மீட்டர். சுவரோரம் ஒருத்தன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஆலையில் 'சார்' என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்குப் பயத்தில் நாக்கு வீட்டுக்குப் போய்விட்டது.

"மாமா, நான் கையில போடல. ஆட்டோலதான் இருந்துச்சு."

சுவரோரம் இப்போது இருமாமலே சிரித்தார்கள். மீட்டருக்குக் காது சூடானது.

"அப்ப மேனுவல் விளக்கு எப்படிடா எரிஞ்சுது? அதுவா ஆசப்பட்டு எரிஞ்சுதா?" என்றார்.

"நெருப்பு நின்னப்புறம் போட்டேன். ஆவி வால்வ மூடிட்டுத்தானே மறுபடி ஏத்தணும்? அதுக்கு முன்னால தொடவே இல்ல. தண்ணி இறங்குது, இறங்குதுன்னு கண்ணாடியப் பாத்துக்கிட்டே நின்னேன். இப்ப மூடும், இப்ப மூடும்னு நின்னேன். முன்ன மாதிரின்னா நானே மூடியிருப்பேன். நீங்கதானே கைய ஒடைப்பேன்னு..."

"பொய் சொல்றான் சார்," என்றார் மீட்டர். "செலக்டர நானே சோதனை செஞ்சு வெச்சது. லெவல் சிக்னல விழவெச்சேன், உடனே வால்வு மூடிச்சு. மெஷின் பொய் சொல்லாது. இவன்தான் கையில போட்டுட்டு மறைக்கிறான்."

சொன்னபோது அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. மச்சினனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று இனி எவனும் வாயைத் திறக்க முடியாது.

பெரிய மேனேஜர் பேனாவை மூடினார். மச்சினன் நாளையிலிருந்து வர வேண்டாம். மீட்டரின் முழு அறிக்கை வந்ததும், அவனுடைய பாய்லர் சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி எழுதுவார்கள். சான்றிதழ் போனால் அவன் கிடங்கில் தாள்கட்டு சுமக்கத்தான் லாயக்கு. அதுவும் இந்த ஆலையின் கிடங்கில் இல்லை.

வீட்டில் மனைவி தட்டை வைத்த சத்தத்திலேயே செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

"என் தம்பி சோம்பேறிதான்," என்றாள். "குளிக்கச் சொன்னாலே நாளைக்கும்பான். ஆனா பொய் சொல்ல மாட்டான். பொய் சொல்லவும் கொஞ்சம் உழைக்கணுமில்ல? அதுக்கும் சோம்பல் அவனுக்கு."

"உனக்கு பாய்லரப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாது. ஒண்ணு தெரியும். உங்க செலக்டருக்கு நாக்கு இல்ல, அதனால அத நம்புறீங்க. அவனுக்கு நாக்கு இருக்கு, அதனால அவன் பொய்யன்."

"நான் சோதிச்சுப் பாத்தது."

"அவன சோதிச்சுப் பாத்தீங்களா?"

தட்டைத் தள்ளிவைத்தார். பசி இருந்தது. பசியைவிட ரோஷம் பெரிதாக இருந்தது. இவள் வாயை அடைக்க வேண்டும், காகித மேனேஜரின் வாயையும் சேர்த்து அடைக்க வேண்டும். ஓடுகிற பாய்லரில், எல்லாரும் பார்க்க, நிஜத் தண்ணீரை இறக்கிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார்.

அதற்குத்தான் இப்போது காலையிலிருந்து சந்தில் கிடந்து ஒயர் பார்த்தது. சல்லடையைக் கழுவி, பாய்லரை மூட்டி, நீராவி ஏறியாகிவிட்டது. காகித மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. பெரிய மேனேஜர் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். காகித மேனேஜர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். பாய்லர் வீட்டுச் சத்தத்தைச் சகிக்க முடியாதவர் அதிலிருந்து வரும் நீராவியை மட்டும் கேட்பார்.

"கடைசிக் காவல் உயிரோடதான் இருக்கு, பயப்படாதீங்க," என்று அறிவித்தார் மீட்டர். "அதுக்கு ரொம்ப மேலயே செலக்டர் வந்து புடிச்சிடும், பாருங்க."

தண்ணீர் வரும் வால்வைக் கையால் கொஞ்சமாக நெரித்தார். கைப்பெட்டியில் ஆட்டோ விளக்கு பச்சையாக எரிந்தது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. முதல்நாள் இறங்கின மாதிரியே, அவசரமில்லாமல்.

அழுத்தக் கன்ட்ரோலரின் முகப்பில் உத்தரவு அறுபதுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வால்வு அந்த அளவுக்குத்தான் திறந்திருந்தது. மட்டத்தின் கன்ட்ரோலரில் நூறு. முழுசாகத் திற என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர் நிறைய இருக்கும்போது அது அப்படித்தான் சொல்லும். செலக்டர் குறைவானதை எடுத்துக்கொள்வதால் அதை எவரும் கேட்பதில்லை.

தண்ணீர் வரம்புக் கோட்டைத் தொட்டது.

நூறு அப்படியே நின்றது.

கோட்டுக்குக் கீழே இறங்கியது. தொண்ணூற்றொன்பது. பிறகு யோசித்து, தொண்ணூற்றெட்டு. அது அறுபதுக்குக் கீழே வந்தால்தான் செலக்டர் அதைத் திரும்பிப் பார்க்கும். படுக்கையிலிருந்து எழுந்து, வேட்டியைத் தேடி, செருப்பைத் தேடி, தெருமுனைக்கு வந்து சேருகிற காவல்காரனைப் போல அந்த எண் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் அதற்காகக் காத்திருக்கவில்லை.

மீட்டருக்கு எல்லாம் ஒரே அடியில் விளங்கியது. அவ்வளவு விளங்கினதற்கு அவர் சந்தோஷப்படவில்லை.

பழைய பேனலில் செலக்டரின் வெளிவாயிலிருந்து இரண்டு கன்ட்ரோலருக்கும் ஒரு மெல்லிய குழாய் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. வால்வுக்கு இப்போது நிஜமாகப் போகிற உத்தரவு என்ன என்று, சும்மா இருக்கிற கன்ட்ரோலருக்கும் அது சொல்லிக்கொண்டே இருந்தது. அதனால் சும்மா இருப்பவனும் தூங்காமல், அந்த உத்தரவுக்குக் கொஞ்சம் மேலேயே நின்று, தண்ணீர் இறங்க இறங்கத் தானும் நெருங்கி வருவான். வரம்பைத் தொடும்போது கைக்குக் கை மாற்றிக்கொள்ளலாம். புதுக் கன்ட்ரோலர்களைப் பொருத்திய அன்று அந்தக் குழாயை 'வெட்டி வால்' என்று சொல்லிப் பிய்த்துக் குப்பையில் போட்டவர் மீட்டர்தான். புதுசுக்கும் அந்தத் திரும்பும் வழியைக் கொடுக்கலாம், ஒரு ஒயரும் கன்ட்ரோலருக்குள் ஒரு செட்டிங்கும் போதும். தேவையில்லை, புதுசு தானே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார். அது பார்த்துக்கொண்டது தன்னுடைய நூற்றை மட்டும்தான். நூற்றைத் தாண்டாது, ஆனால் தண்ணீர் நிறைந்திருந்த நாளெல்லாம் ஏறி ஏறி அந்த நூற்றில் போய் உட்கார்ந்திருந்தது.

அவர் செய்த சோதனையோ, சிக்னலைத் தடாலென்று பாதாளத்தில் தள்ளிப் பார்த்தது. அவ்வளவு பெரிய பள்ளத்தைக் கண்டால் எந்தத் தூங்குமூஞ்சியும் துள்ளி எழும். நிஜத் தண்ணீர் தடாலென்று விழாது. சல்லடை அடைத்துக்கொண்டால் அது நகம் நகமாகத்தான் இறங்கும். அதை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, இப்ப மூடும், இப்ப மூடும் என்று ஒருத்தன் நின்றிருக்கிறான். கையை வைக்காதே என்று சொல்லப்பட்ட கையைக் கட்டிக்கொண்டு.

தொண்ணூற்றைந்தில் மீட்டர் தண்ணீர் வால்வை முழுக்கத் திறந்துவிட்டார். கடைசிக் காவலுக்கு மேலே இரண்டு விரல் இருக்கையில் மட்டம் நின்று, மெல்லத் திரும்பி ஏறியது.

காகித மேனேஜர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"ஆகா, தண்ணி ஏறிடுச்சே! அப்ப நல்லாத்தான் வேலை செய்யுது."

மீட்டர் அவரைப் பார்த்தார். இவ்வளவு பெரிய மடையனை இத்தனை நாள் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததற்கு ஆலைக்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்தது என்று தோன்றியது. பலன் ஆலைக்கு இல்லை, தனக்கு.

"அப்ப அவன்தான் கையில போட்டிருக்கான்?" என்றார் பெரிய மேனேஜர்.

பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கேள்வி காதில் விழவில்லை என்று நடித்திருக்கலாம். அதற்குக்கூட மீட்டர் சிரமப்படவில்லை. தலையை ஆட்டினார். மேலேயும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி ஒரு தலையாட்டல். பெரிய மேனேஜர் எடுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் போனதும் மீட்டர் திரும்பச் சந்துக்குள் இறங்கினார். செலக்டரின் வெளிவாயிலிருந்து இரண்டு கன்ட்ரோலருக்கும் ஒயர் இழுத்தார். கன்ட்ரோலரில் செட்டிங்கை மாற்றினார். மட்டத்தின் எண் நூற்றிலிருந்து இறங்கி, அழுத்தத்தின் உத்தரவுக்குச் சற்று மேலே வந்து, அது ஆடினால் தானும் ஆடிக்கொண்டு நின்றது. செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான். இதற்குத்தான் ஒருத்தன் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வேலை செய்யக் கை வந்தது. சொல்ல வாய்தான் வரவில்லை. பெரிய மேனேஜரின் அறைக்குப் போனவர், வாசலில் நின்ற ஐந்து நிமிடத்தில் ஒரு முழு உண்மையை அழகாகப் பாதியாக நறுக்கிவிட்டார்.

"சார், புதுக் கன்ட்ரோலர்ல ஒரு செட்டிங் விட்டுப்போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன். அதனால அவன் கையில போட்டானா இல்லையான்னு உறுதியாச் சொல்ல முடியாது. சான்றிதழ் வரைக்கும் போக வேணாமே."

"யாரு விட்டது?"

"வித்த கம்பெனிக்காரங்க அதச் சரியா விளக்கல சார்."

விற்ற கம்பெனியின் புத்தகத்தில் அதற்கென்றே ஒரு அத்தியாயம் படத்தோடு இருந்தது. மீட்டர் அதைப் பிரித்ததில்லை. அவரைப் போன்றவர்கள் புத்தகத்தைப் பிரிப்பது அவமானம்.

பெரிய மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருந்தன்மை வழிந்தது.

"புரியுது, புரியுது. உங்க மச்சினன். வீட்லயும் நிம்மதி வேணுமில்ல? கூப்பிட்டுக்கங்க. இனிமே ஒழுங்கா இருக்கச் சொல்லுங்க."

மீட்டர் வாயைத் திறந்தார். 'அது அப்படி இல்ல சார்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலு வார்த்தை வரவேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு, "தேங்க்ஸ் சார்," என்றார்.

மச்சினன் வேலைக்குத் திரும்பினான். ஃபிட்டர்கள் அவனுக்குப் புதுப்பெயர் வைத்திருந்தார்கள்: 'அக்கா வாழ்க.' அக்கா புருஷன் தயவில் தப்பித்த பொய்யன் என்பதை அவர்கள் அப்படிச் சுருக்கிக்கொண்டார்கள். உருளையைச் சுரண்டினவர்களுக்குக் கோபம் நியாயம்தான், ஆளைத்தான் மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவனால் சொல்ல முடிந்திருக்கும். ஆனால் காட்ட அவனிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் மீட்டரின் மண்டைக்குள் இருந்தது.

ஒரு மத்தியானம் மீட்டர் பாய்லர் வீட்டுக்கு வந்தார். வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார்.

"மாப்ள, தண்ணி வால்வக் கொஞ்சம் நெரி. செலக்டரப் பாக்கணும்."

மச்சினன் நெரித்தான். தண்ணீர் இறங்கியது. மட்டத்தின் எண், அழுத்தத்தின் எண்ணை நோக்கி நெருங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் வரம்பைத் தொட்ட இடத்தில் இரண்டும் ஒன்றாயின; ஒரு குலுக்கல் இல்லாமல் வால்வு மூட ஆரம்பித்தது. கண்ணாடியில் தண்ணீர் முதலில் ஒரு விரல் தாழ்ந்து பயமுறுத்தியது. ஆவி போகும் வழி சுருங்கி உள்ளே அழுத்தம் ஏறியதும், குமிழ் அடங்கித் தண்ணீர் அப்படித்தான் ஏமாற்றும். அழுத்தம் ஏறியதைக் கண்டு நெருப்பு தானாகத் தணிந்தது. பிறகு மட்டம் நிலைத்தது. போன் அடித்தது. 'ஸ்டீம் எங்கடா' என்று காகிதப் பக்கத்துக் குரல். மச்சினன் எடுத்து, "தண்ணி குறைவு, பொறுங்க," என்று வைத்தான். அவன் கை கைப்பெட்டிப் பக்கம் போகவே இல்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டு, வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்கு வந்துச்சு," என்றான்.

"ம்."

"அன்னைக்கு ஏன் மாமா வரல?"

"அது... மெஷின்னா ஒரு நேரம் அப்படித்தான் மாப்ள."

மச்சினன் திரும்பி அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையை மீட்டருக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாளெல்லாம் அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது.

"மெஷின் பொய் சொல்லாதுன்னீங்க," என்றான் அவன். "சரி, போய் வேலையப் பாருங்க மாமா. நான் இங்க கண்ணாடியப் பாத்துக்கறேன்."

மீட்டர் போய் வேலையைப் பார்த்தார். அந்த வாரமும் பெரிய மேனேஜரின் அறையில் கூட்டம் நடந்தது. அதே சுவரோரம் அதே ஆட்கள் நின்றார்கள். அவர் பம்பின் சல்லடையைப் பற்றிப் பேசினார், காகித மேனேஜரைக் கிண்டலடித்தார், எல்லாரும் சிரித்தார்கள். அந்த அறையில் 'பொய் சொல்றான்' என்று அவர் சொன்ன வார்த்தையை, அதே அறையில், அதே பத்துப் பேர் முன்னால், 'தப்பு என்னுது, அவன் உண்மைதான் சொன்னான்' என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மச்சினனுக்கு அவர் தரவேண்டியது அதுதான். இன்னும் தரவில்லை.